அண்ணனா, தம்பியா? ஒரு பயிற்சித்தாள் கேட்கும் கேள்விகள்

இரவு எட்டரை மணி. காய்ச்சலால் இரண்டு நாள் பள்ளிக்குப் போகாத ஆறாம் வகுப்புச் சிறுமிக்காக, வகுப்புத் தோழியின் அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புகிறார். ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்றின் படம் அது. நான்கு சிறிய பத்திகள். கீழே ஒரே ஒரு கட்டளை: தமிழில் மொழிபெயர்க்கவும். தாளின் மேல் பாதியில் போனைப் பிடித்த கையின் நிழல் விழுந்திருக்கிறது. வலது ஓரம் மடங்கி, ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தும் மங்கிப்போயிருக்கிறது. சிறுமியும் அம்மாவும் தாத்தாவும் சாப்பாட்டு மேசையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குப் பழக்கமான காட்சிதான் இது. அரசுப் பாடநூல்களில் 'மொழியை ஆள்வோம்' என்ற பகுதியிலும் மொழிபெயர்ப்புப் பயிற்சிகள் வருகின்றன. சொற்களுக்குப் பொருள் தெரியாததால் பிள்ளைகள் திணறுவது குறைவு. இந்தப் பத்திகளில் வரும் சொற்கள் எல்லாமே அவர்களுக்குத் தெரிந்தவைதான். திணறல் வேறு இடத்தில் வருகிறது. ஆங்கிலம் சொல்லாமல் விட்ட சிலவற்றைத் தமிழ் சொல்லியே தீரவேண்டும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், பேசப்படுபவர் மூத்தவரா இளையவரா, ஆணா பெண்ணா என்பது தெரியாமல் தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்கக்கூட முடியாது. அந்த விவரங்கள் வாக்கியத்தில் இருக்காது. தாளின் தலைப்பிலோ, ஓரத்துப் படத்திலோ, அடுத்த வரியிலோ இருக்கும்.

அதனால்தான் போட்டோ முக்கியமாகிறது. பத்திகள் மட்டும் விழுந்தால் போதும் என்று தலைப்பையும் படங்களையும் வெட்டிவிட்டு அனுப்பினால், விடைக்கான தடயங்களையும் சேர்த்து வெட்டியதாகிவிடும்.

முதலில் படியெடுங்கள்

தாத்தா முதல் வேலையாக ஒரு நோட்டை எடுக்கச் சொல்கிறார். போட்டோவில் இருக்கும் ஆங்கிலத்தை அப்படியே அதில் எழுத வேண்டும். தெளிவாகத் தெரியாத எழுத்து வந்தால், ஊகித்து நிரப்பாமல் அந்த இடத்தில் ஒரு கட்டம் போட வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் இதைச் செய்யாமல் போனைப் பார்த்தபடியே மொழிபெயர்த்தால், மங்கிய இடங்களைக் கண் தானாகவே நிரப்பிக்கொண்டு போய்விடும், நிரப்பியதே தெரியாது.

இரண்டாவது பத்தியில் அப்படி ஓர் இடம் வருகிறது. ஒரு பாட்டிக்கும் பேத்திக்கும் நடக்கும் உரையாடல் அது. பேத்தி தன் சகோதரனைப் பற்றிச் சொல்லும் வாக்கியத்தில், என், ஓ என்ற இரண்டு எழுத்துகளோடு தாளின் மடிப்பு வந்துவிடுகிறது. மறைந்த எழுத்து டீயாக இருந்தால் 'நாட்'. அவன் வீட்டில் இல்லை. டபிள்யூவாக இருந்தால் 'நவ்'. அவன் இப்போது வீட்டில் இருக்கிறான். ஓர் எழுத்து பொருளையே தலைகீழாக்கிவிடும்.

சிறுமி 'இப்போது இருக்கிறான்' என்கிறாள். தாத்தா அடுத்த வரியைப் படிக்கச் சொல்கிறார். அவன் ஆறு மணிக்குள் திரும்பிவிடுவான் என்று அந்த வரி சொல்கிறது. வீட்டில் இருப்பவன் எப்படித் திரும்பி வருவான்? மறைந்த எழுத்து டீதான் என்று முடிவாகிறது. கட்டத்தில் அந்த எழுத்தை நிரப்புகிறார்கள்.

எல்லாக் கட்டங்களும் இப்படி நிரம்பிவிடாது. அடுத்த வரியும் உதவாவிட்டால் போட்டோவை மறுபடி கேட்பதுதான் வழி. தாளை மேசையில் பரப்பி, ஓரங்களை இரண்டு புத்தகங்களால் அழுத்தி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்து, நேர் மேலிருந்து நான்கு மூலையும் தெரிய எடுக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதையே டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த தெளிவு குறையாமல் வந்துசேரும்.

மருந்துச் சீட்டு எப்படிப் பேசும்?

முதல் பத்தி ஒரு மருந்துப் புட்டியின் லேபிள். ஒரு மாத்திரை, 'டுவைஸ் எ டே', உணவுக்குப் பின்; பிறகு பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைக்கச் சொல்லும் வரி. சிறுமி எழுதியது இது:

'ஒரு மாத்திரையை ஒரு நாளில் இருமுறை உணவுக்குப் பிறகு எடுங்கள். குழந்தைகளின் எட்டுதலுக்கு வெளியே வையுங்கள்.'

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு இடங்கள் இடறுகின்றன. மாத்திரையை நாம் சாப்பிடுவோம், போடுவோம், விழுங்குவோம். 'எடுங்கள்' என்றால் புட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வதுபோல ஆகிவிடும். 'எட்டுதலுக்கு வெளியே' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'அவுட் ஆஃப் ரீச்' என்றிருப்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதில் வந்த வினை. அந்த இடத்துக்கென்று தமிழில் காலங்காலமாகப் புழங்கும் தொடர் ஒன்று உண்டு: கைக்கு எட்டாதபடி வைப்பது.

அம்மா இன்னொன்றையும் கவனிக்கிறார். வீட்டில் மருந்து கொடுக்கும்போது யாரும் 'இருமுறை' என்று சொல்வதில்லை. 'ரெண்டு வேளை' என்றுதான் சொல்வார்கள். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உரிய சொல் வேளை. காலை, இரவு என்ற இடைவெளி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதோடு, மாத்திரையின் எண்ணிக்கையை வேளைக்குப் பக்கத்தில் வைத்தால் குழப்பம் வராது. 'ஒரு மாத்திரை, ஒரு நாளில் இருமுறை' என்பதைவிட 'வேளைக்கு ஒரு மாத்திரை' என்பது உறுதியானது.

கடைசியாக, வினைமுடிவு. லேபிள் முகம் தெரியாத எல்லோரிடமும் பேசுகிறது. அப்படிப்பட்ட அறிவிப்புகளுக்குத் தமிழில் 'செய்யவும்', 'வைக்கவும்' என்று 'வும்' போட்டு முடிக்கும் வழக்கம் இருக்கிறது. பேருந்திலும் வங்கியிலும் ரேஷன் கடையிலும் அறிவிப்புப் பலகைகள் இப்படித்தான் பேசுகின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் மருத்துவர் சொல்வதாக இருந்தால் 'சாப்பிடுங்கள்' பொருந்தும். அச்சடித்த லேபிளுக்கு 'சாப்பிடவும்' பொருந்தும். திருத்திய வடிவம்:

'தினமும் இரண்டு வேளை, வேளைக்கு ஒரு மாத்திரை, உணவுக்குப் பின் சாப்பிடவும். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.'

பாட்டியும் பேத்தியும்

இரண்டாவது பத்திக்கு நேரம் பிடிக்கிறது. அளவில் அதுதான் மிகச் சிறியது. பாட்டி கேட்கிறார்: சாப்பிட்டாயா? பேத்தி: இன்னும் இல்லை, கோயிலுக்குப் போகிறோம். பாட்டி: சகோதரன் எங்கே? பேத்தி: வீட்டில் இல்லை, ஆறு மணிக்குள் வந்துவிடுவான், நீங்களும் வருகிறீர்களா?

ஆங்கிலத்தில் பாட்டி பேத்தியைக் கூப்பிடுவதும் பேத்தி பாட்டியைக் கூப்பிடுவதும் ஒரே 'யூ'தான். தமிழில் முடியாது. பாட்டி பேத்தியை நீ என்பார். பேத்தி பாட்டியை நீங்கள் என்பதா, நீ என்பதா? பல வீடுகளில் பிள்ளைகள் அம்மாவையும் பாட்டியையும் உரிமையோடு நீ என்றுதான் அழைக்கிறார்கள். வேறு பல வீடுகளில் அது நடக்காது. இரண்டுமே தமிழ்தான். பள்ளித் தாளில் எழுதும்போது நீங்கள் என்று வைப்பது பாதுகாப்பு. ஆனால் தொடக்கத்தில் நீங்கள் என்று எழுதிவிட்டு நடுவில் நீ என்று மாறக்கூடாது. மாறினால் படிப்பவருக்கு வேறு யாரோ பேசுவதுபோலத் தோன்றிவிடும்.

அடுத்தது 'வீ'. இதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்; கேட்பவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள். கேட்பவரையும் உள்ளடக்கும் நாம் என்ற வடிவத்தை இலக்கண நூல்கள் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கின்றன. சிறுமி முதலில் 'நாம் கோயிலுக்குப் போகிறோம்' என்று எழுதியிருந்தாள். அப்படியானால் பாட்டியும் கிளம்பிவிட்டார் என்று பொருள். பிறகு எதற்கு 'நீங்களும் வருகிறீர்களா' என்று கேட்க வேண்டும்? கடைசி வரியைப் பார்த்ததும் அவளே நாம் என்பதை அடித்துவிட்டு நாங்கள் என்று எழுதிக்கொள்கிறாள். மறைந்த டீயைக் கண்டுபிடித்த அதே வழிதான் இங்கும். பின்னால் வரும் வரி முன்னால் வரும் சொல்லைத் தீர்மானிக்கிறது.

இனி அந்தச் சகோதரன். எந்தத் தமிழ்ப் பாட்டியும் பேத்தியிடம் 'உன் சகோதரன் எங்கே' என்று கேட்கமாட்டார். அண்ணன் எங்கே என்பார், அல்லது தம்பி எங்கே என்பார். மூத்தவனா இளையவனா என்று ஆங்கிலம் சொல்லவில்லை. பத்தியின் வரிகளிலும் அதற்கான குறிப்பு இல்லை. போட்டோவின் ஓரத்தில்தான் இருக்கிறது: சின்னதாக ஒரு கோட்டோவியம். பாவாடை அணிந்த சிறுமி ஒருத்தி. அவளுக்குப் பின்னால் சைக்கிளோடு ஒரு பையன். அவன் அவளைவிட ஒரு தலை உயரம். அண்ணன்தான்.

படம் இல்லாமல் போயிருந்தால்? இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, பத்தி முழுவதும் அதையே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மூத்தவன் என்று வைத்துக்கொண்டதாக ஓரத்தில் ஒரு வரி எழுதிவைத்தால் ஆசிரியருக்கும் புரியும். சகோதரன் என்ற பொதுச் சொல்லில் ஒதுங்கிக்கொண்டால் தவறு நேராது. ஆனால் அந்த வீடு தமிழ் வீடாகவும் இருக்காது. அது விண்ணப்பப் படிவத்துக்கு ஏற்ற சொல்.

'உன்' என்பதும் இங்கே தேவையில்லை. ஆங்கிலத்தில் 'யுவர்' இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. தமிழில் பாட்டி பேத்தியிடம் 'அண்ணன் எங்கே?' என்றாலே யாருடைய அண்ணன் என்பது தெரிந்துவிடும். ஆறு மணியைப் பற்றிய வரியிலும் ஒரு சிறு சொல் வேலை செய்கிறது. 'ஆறு மணிக்குள் வருவான்' என்றால் தகவல். 'வந்துவிடுவான்' என்றால் கவலைப்படாதீர்கள் என்று பாட்டிக்குத் தரும் உறுதியும் சேர்ந்துகொள்கிறது. 'திரும்ப' என்ற சொல்லைத் தனியாகப் போடவேண்டியதில்லை. வீட்டில் இல்லை என்று முன்பே சொன்னதால் வருவது என்றாலே திரும்பி வருவதுதான்.

'சாப்பிட்டாயா? கோயிலுக்குப் போகவில்லையா?' என்ற நடையில் எழுதுவதா, 'சாப்டியா? கோயிலுக்குப் போகலையா?' என்று பேச்சுத் தமிழில் எழுதுவதா என்ற கேள்வியும் எழுகிறது. கதை எழுதுகிறவர் உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதலாம். பள்ளித் தாளுக்கு எழுத்துத் தமிழே ஏற்றது. ஆனால் எழுத்துத் தமிழ் என்றால் 'உணவருந்தினாயா' என்று போகவேண்டியதில்லை. 'சாப்பிட்டாயா' என்பது எழுத்திலும் நிற்கும், பாட்டியின் வாயிலும் நிற்கும். சிறுமியின் நோட்டில் இறுதியாக இருந்தது இது:

'சாப்பிட்டாயா?'
'இன்னும் இல்லை, பாட்டி. நாங்கள் கோயிலுக்குப் போகிறோம்.'
'அண்ணன் எங்கே?'
'வீட்டில் இல்லை. ஆறு மணிக்குள் வந்துவிடுவான். நீங்களும் எங்களோடு வருகிறீர்களா?'

முதியவர் வீட்டுக் கதவு

மூன்றாவது, ஒரு கதையின் தொடக்கம். ஆற்றுக்குப் பக்கத்தில் சிறு வீட்டில் ஒரு முதியவர். ஒரு நாள் இரவு கதவு தட்டும் ஒலி. அவர் கதவைத் திறந்தபோது குளிரில் நடுங்கும் ஒரு சிறுவனைப் பார்க்கிறார். சிறுமியின் முதல் வரி:

'ஒரு ஆற்றின் அருகில் ஒரு சிறிய வீட்டில் வாழ்ந்த ஒரு வயதான மனிதர் இருந்தார்.'

ஒரே வரியில் மூன்று 'ஒரு'. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எ' வருவது இலக்கணக் கட்டாயம். தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒருவரையோ ஒரு பொருளையோ முதன்முதலாக அறிமுகம் செய்யும் இடத்தில் மட்டும் 'ஒரு' போதும். இங்கே அறிமுகம் ஆகிறவர் முதியவர். ஆறும் வீடும் அவர் இருக்குமிடம், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் வாக்கியத்தின் போக்கில் இருக்கிறது. ஆங்கிலம் ஆளை முதலில் சொல்லிவிட்டு 'ஹூ' போட்டு விவரங்களைப் பின்னால் சேர்த்துக்கொண்டே போகும். தமிழில் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால்தான் வரவேண்டும். ஆங்கிலத்தில் இலகுவாக நீளும் வாக்கியம் தமிழுக்கு வரும்போது தலைப்பாரம் கூடி, முதியவர் எப்போது வருவார் என்று படிப்பவர் காத்திருக்க நேர்கிறது. விவரங்கள் இரண்டுக்கு மேல் போனால் வாக்கியத்தை உடைப்பதே நல்லது. தாத்தா சொல்லச் சொல்லச் சிறுமி எழுதுகிறாள்:

'ஆற்றங்கரையில் ஒரு முதியவர் சின்ன வீட்டில் குடியிருந்தார். ஓர் இரவு யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் கதவைத் திறந்து பார்த்தார். வாசலில் ஒரு சிறுவன் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றான்.'

'ஒரு தட்டலைக் கேட்டார்' என்று எழுதவில்லை. தமிழில் சத்தம் தானாகக் காதில் விழுந்தால் 'சத்தம் கேட்டது'. மனிதர் கவனம் வைத்துக் கேட்டால்தான் 'கேட்டார்'. 'திறந்தார், பார்த்தார்' என்று இரண்டு வினைமுற்றுகளை 'மற்றும்' போட்டு ஒட்டாமல், 'திறந்து பார்த்தார்' என்று ஒன்றை எச்சமாக்கியதும் கவனிக்க வேண்டியது. வினைகளை 'மற்றும்' கொண்டு இணைத்திருக்கும் வரியைக் கண்டால், அங்கே இன்னும் ஆங்கிலம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வயலில் நெல், பானையில் அரிசி

நான்காவது பத்தி பொது அறிவு. காவிரி டெல்டாவில் 'ரைஸ்' விளைகிறது, ஜனவரியில் அறுவடையாகிறது, மில்லுக்குப் போய் உமி நீங்குகிறது, அம்மா கழுவிச் சமைக்கிறார், வீட்டார் சாம்பாரோடு சாப்பிடுகிறார்கள். ஐந்து வரியிலும் ஒரே சொல் 'ரைஸ்'. சிறுமி ஐந்து வரியிலும் அரிசி என்றே எழுதிவிட்டாள். அவளைப் பொறுத்தவரை வயலில் அரிசி வளர்க்கப்படுகிறது, தட்டில் அரிசி உண்ணப்படுகிறது.

அம்மா சிரித்துக்கொண்டே சமையலறையைக் காட்டுகிறார். வயலில் இருக்கும்வரை நெல். உமி நீங்கினால் அரிசி. வெந்துவிட்டால் சோறு. ஆங்கிலம்–தமிழ் அகராதியில் 'ரைஸ்' என்று தேடினால் மூன்றும் கிடைக்கும். எந்த வரிக்கு எது என்று அது சொல்லாது. ஐயம் வந்தால் தமிழ்ச் சொல்லை எடுத்து அதன் புழக்கத்தைப் பார்ப்பதுதான் உதவும். 1992-ல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தருவதால் இந்த வேலைக்கு ஏற்றது.

சொல்லைத் தேர்ந்தபின் வினையும் கூடவே வந்துவிடுகிறது. அரிசியைக் கழுவலாம், தவறில்லை. ஆனால் தமிழ்ச் சமையலறையில் அரிசியைக் களைவார்கள். 'வளர்க்கப்படுகிறது', 'அறுவடை செய்யப்படுகிறது', 'எடுத்துச்செல்லப்படுகிறது' என்று வரிக்கு வரி வந்த 'படு'களும் கழன்றுவிடுகின்றன. செய்தவர் யார் என்பது தெரியாதபோதோ தேவையில்லாதபோதோ 'படு' வரலாம்: பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது என்று எழுதுவதில் குற்றமில்லை. நெல்லுக்கோ 'விளைகிறது' என்ற சொல் இருக்கிறது; அதில் யாரும் எதையும் 'படுத்த' வேண்டியதில்லை.

'காவிரி டெல்டாவில் நெல் விளைகிறது. உழவர்கள் ஜனவரியில் அறுவடை செய்கிறார்கள். மில்லில் நெல்லின் உமியை நீக்குகிறார்கள். அம்மா அரிசியைக் களைந்து சமைக்கிறார். நாங்கள் சோற்றில் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுகிறோம்.'

இங்கே தாத்தா ஓரிடத்தில் தடுக்கப்படுகிறார். ஜனவரி என்பதைத் தை மாதம் என்று மாற்றச் சொன்னார் அவர். சிறுமி ஒப்புக்கொள்ளவில்லை. ஜனவரியின் முதல் பாதி மார்கழிதானே என்கிறாள். அவள் சொல்வது சரி. இயல்பான தமிழ் வேண்டும் என்பதற்காகத் தகவலை மாற்றக்கூடாது. நெல், அரிசி, சோறு என்று பிரித்தது தமிழின் கட்டாயம்; ஜனவரியைத் தையாக்குவது மொழிபெயர்ப்பவரின் விருப்பம். கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் நடுவில் கோடு இங்கேதான் விழுகிறது.

பார்க்காதவர் படிக்கட்டும்

நான்கு பத்தியும் முடிந்தபின் இரண்டு சோதனைகள். முதலாவது, ஆங்கிலத் தாளைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் படித்துக்காட்டுவது. அன்றிரவு அது வேலை முடிந்து தாமதமாக வந்த அப்பா. ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை, கோயிலுக்குப் பாட்டி போவதாக இருந்தாரா, பையன் மூத்தவனா என்று சிறுமி அவரிடம் கேள்வி கேட்கிறாள். அவர் தயங்கிய இடம்தான் திருத்த வேண்டிய இடம். இரண்டாவது, ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண், நேரம், இல்லை என்பது, பெயர் ஆகிய நான்கை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. இயல்பாக எழுதும் வேகத்தில் நழுவிப்போவது பெரும்பாலும் இவைதான். மூன்றாவது பத்தியில் 'இரவு' விடுபடாமல் இருக்கிறதா, முதல் பத்தியில் 'உணவுக்குப் பின்' இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டால் போதும்.

பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திக்கு மேலே, இது லேபிளா, உரையாடலா, கதையா என்பதையும், உரையாடல் என்றால் யார் யாரிடம் பேசுகிறார் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். திருத்தும்போது, விடைத்தாளில் சகோதரன் இருக்கவேண்டிய இடத்தில் அண்ணன் இருந்தால், சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னப் படத்தை ஒருமுறை பாருங்கள். பிள்ளை அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கும்.